அளவுகோலோடு வரைந்த பட்டைப் படம்

கடத்தி, குறைகடத்தி, காப்பான் மூன்றையும் விளக்கப் பள்ளி இயற்பியல் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் மூன்று படங்கள் போடுவது வழக்கம். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பெட்டி, இணைதிறன் பட்டை. மேலே ஒரு பெட்டி, கடத்துப் பட்டை. கடத்தியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். குறைகடத்தியில் நடுவே கொஞ்சம் இடைவெளி, காப்பானில் நிறைய இடைவெளி. தேர்வில் மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் இந்தப் படத்தை நம்பி யோசிக்கத் தொடங்கினால் வழி தவறிப் போவோம். மூன்றும் ஒரே ஏணியின் மூன்று படிகள், இடைவெளி குறையக் குறையக் காப்பான் மெல்ல மெல்லக் கடத்தியாகிவிடும் என்று அது சொல்லாமல் சொல்கிறது. உண்மை அப்படியில்லை. கடத்திக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வகை வேறுபாடு. குறைகடத்திக்கும் காப்பானுக்கும் நடுவே இருப்பது முற்றிலும் வேறு வகை. அளவுகோல் வைத்து வரைந்தால் இது தானாகவே தெரியும்.

ஒரு கட்டத்தாள் எடுத்துக்கொள்வோம். செங்குத்து அச்சு எலக்ட்ரானின் ஆற்றல். 1 சென்டிமீட்டர் என்றால் 1 எலக்ட்ரான் வோல்ட். கிடைமட்ட அச்சு படிகத்துக்குள் இடம் மட்டுமே. இடது ஓரம் படிகத்தின் ஒரு முனை, வலது ஓரம் மறு முனை. படிகம் எங்கும் ஒரே சீராக இருப்பதால் பட்டைகளின் விளிம்புகள் நேர்கோடுகளாக ஓடும். படத்தில் பெட்டிகள் மேலும் கீழுமாக இருப்பதைப் பார்த்து, கடத்துப் பட்டை என்பது படிகத்தின் மேற்பகுதி என்று நினைத்துவிடும் மாணவர்கள் உண்டு. இரண்டு பட்டைகளும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. உயரம் ஆற்றலைக் காட்டுகிறதே தவிர இடத்தை அல்ல.

சோடியத்தில் தொடங்கலாம். தனித்த ஒரு சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். கடைசி எலக்ட்ரான் மட்டும் 3s என்ற மட்டத்தில் தனியாக இருக்கிறது. இரண்டு அணுக்களை நெருக்கிக் கொண்டுவந்தால் அந்த ஒரு மட்டம் சற்று மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். மூன்று அணுக்கள் சேர்ந்தால் மூன்று மட்டங்கள். ஒரு கன சென்டிமீட்டர் சோடியத்தில் ஏறக்குறைய 2.5×10²² அணுக்கள் இருக்கின்றன, ஆகவே அத்தனை மட்டங்கள். இவ்வளவும் சில எலக்ட்ரான் வோல்ட் உயரத்துக்குள் அடைந்து கிடப்பதால், அடுத்தடுத்த இரு மட்டங்களுக்கு நடுவே உள்ள தூரம் 10⁻²² எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான் வரும். அதைக் கோடுகோடாக வரைய யாராலும் முடியாது. அதனால்தான் ஒட்டுமொத்தமாக நிழலடித்துப் பட்டை என்கிறோம்.

ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடம் உண்டு, அதற்கு மேல் இல்லை. அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் வீதம் நிரப்பினால் சோடியத்தின் பட்டையில் சரியாகப் பாதிதான் நிரம்பும். படத்தில் கீழ்ப்பாதியை அடர்த்தியாக நிழலடியுங்கள், மேல்பாதியை வெறுமையாக விடுங்கள். இரண்டுக்கும் எல்லையாக ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். அதுதான் ஃபெர்மி மட்டம். சோடியம் ஏன் கடத்தி என்பதற்கு முழு விடையும் இந்த ஒரு பட்டையிலேயே இருக்கிறது. இரண்டாவது பெட்டி தேவையே இல்லை.

கம்பியின் இரு முனைகளில் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரானுக்கு என்ன கிடைக்கிறது? மீட்டருக்கு 1 வோல்ட் என்ற புலத்தில், ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே எலக்ட்ரான் சில பத்து நானோமீட்டர் ஓடும். அந்த ஓட்டத்தில் அது பெறும் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் கோடிக்கணக்கில் ஒரு பங்கு. நம் அளவுகோலில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அடுத்த காலி மட்டம் 10⁻²² தூரத்தில் காத்திருக்கும்போது இந்தச் சில்லறை ஆற்றலே ஏராளம். ஃபெர்மி மட்டத்தின் ஓரத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் உடனே நகர்கின்றன, மின்னோட்டம் பாய்கிறது.

அடுத்த தனிமம் மக்னீசியம். இதில் கடைசி மட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள். கணக்குப்படி 3s பட்டை முழுவதும் நிரம்பிவிட வேண்டும், மக்னீசியம் காப்பானாக இருக்க வேண்டும். ஆனால் அது நல்ல உலோகம். காரணம், திண்மத்தில் 3p பட்டையின் அடிப்பகுதி 3s பட்டையின் உச்சிக்குக் கீழேயே இறங்கி வந்துவிடுகிறது. எலக்ட்ரான்களில் ஒரு பங்கு அதற்குள் வழிந்து போக, இரண்டு பட்டைகளுமே முழுதாக நிரம்பாத நிலையில் நிற்கின்றன. பாடநூல் காட்டும் ‘ஒன்றன்மேல் ஒன்று ஏறிய’ படம் உண்மையில் மக்னீசியத்தின் படம். அதையே தாமிரம் முதலான எல்லாக் கடத்திகளுக்கும் பொதுப்படமாகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அணுவுக்கு ஒரு வெளி எலக்ட்ரான் உள்ள தாமிரத்துக்குச் சோடியம் போன்ற பாதி நிரம்பிய பட்டையே போதும்.

இனி, பட்டை முழுவதும் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் இந்தத் துறையின் கதையையே மாற்றியது. படிகத்துக்குள் எலக்ட்ரான் அலையாகத் தடையின்றிப் பரவ முடியும் என்று 1928-இல் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டியிருந்தார். அழகான கொள்கை; ஆனால் அதன்படி எல்லாத் திண்மங்களும் கடத்த வேண்டும்போலத் தோன்றியது. காப்பான் என்று ஒன்று ஏன் இருக்கிறது? கேம்பிரிட்ஜிலிருந்து லைப்சிக் வந்திருந்த ஆலன் வில்சன் 1931-இல் விடை சொன்னார்: நிரம்பிய பட்டை மின்னோட்டத்தைத் தராது. அதில் வலப்பக்கம் ஓடும் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் இடப்பக்கம் ஓடும் ஒன்று இருக்கிறது. இந்தச் சமநிலையைக் கலைக்க வேண்டுமென்றால் சிலவற்றை வேறு மட்டங்களுக்கு மாற்ற வேண்டும், ஆனால் காலி மட்டமே இல்லை. எண் வில்லைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் சதுரப் பலகை விளையாட்டில் ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் பதினாறு வில்லைகளையும் அடைத்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் எதுவும் அசையாது. ஒன்றை எடுத்துவிடுங்கள், எல்லாமே நகரத் தொடங்கும். நகர்வது வில்லை என்றாலும் காலிக் கட்டம் நகர்வதுபோலத் தோன்றும். அந்தக் காலிக் கட்டத்தைத்தான் குறைகடத்தி இயற்பியலில் துளை என்கிறோம்.

ஆக முதல் வேறுபாடு இதுதான்: ஃபெர்மி மட்டம் பட்டைக்குள் விழுந்தால் கடத்தி, இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் விழுந்தால் கடத்தி அல்ல. தனிச்சுழி வெப்பநிலைக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தால் இதில் அரைகுறை கிடையாது. அந்தக் குளிரில் தூய சிலிக்கானும் வைரமும் ஒரே சாதி, இரண்டுமே காப்பான்கள்.

இப்போது கரி, சிலிக்கான், ஜெர்மானியம் மூன்றையும் ஒரே தாளில் வரைவோம். தனிம அட்டவணையில் இவை ஒரே தொகுதியில் மேலிருந்து கீழாக வருபவை. மூன்றுக்கும் வெளியே நான்கு எலக்ட்ரான்கள். கரியை வைர வடிவில் எடுத்தால் மூன்றுக்கும் ஒரே படிக அமைப்பு. அணுக்கள் நெருங்கும்போது s, p மட்டங்கள் கலந்து, பின் இரண்டு பட்டைகளாகப் பிரிகின்றன. கீழ்ப்பட்டையில் அணுவுக்கு நான்கு இடங்கள், மேல்பட்டையில் நான்கு. இருக்கும் நான்கு எலக்ட்ரான்களும் கீழ்ப்பட்டையை நிரப்பிவிடுகின்றன, மேலது காலி.

மூன்று இணைதிறன் பட்டைகளின் உச்சியையும் ஒரே கிடைக்கோட்டில் வைத்து, அதைச் சுழி என்று குறியுங்கள். ஜெர்மானியத்தின் கடத்துப் பட்டை அதற்கு மேலே 6.6 மில்லிமீட்டரில் தொடங்கும், ஏனென்றால் விலக்கப்பட்ட இடைவெளி 0.66 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானுக்கு 11.2 மில்லிமீட்டர். வைரத்துக்கு 5.5 சென்டிமீட்டர், தாளில் கொஞ்சம் உயரே போக வேண்டியிருக்கும். அந்தத் தொகுதியில் இன்னும் கீழே உள்ள வெள்ளீயமும் 13 பாகை செல்சியசுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இதே படிக அமைப்பை எடுக்கும். அதன் இடைவெளி ஏறக்குறைய சுழி. அணுக்கள் பெரிதாகி ஒன்றைவிட்டு ஒன்று விலக விலக இடைவெளி சுருங்குவதை இந்த வரிசை காட்டுகிறது.

இப்போது இந்தப் படத்தில் வெப்பத்தைக் குறிக்க வேண்டும். பெரும்பாலான படங்களில் விட்டுப்போவது இதுதான். அறை வெப்பநிலையில் அணுக்களின் ஆட்டம் ஒரு எலக்ட்ரானுக்குக் கொடுக்கக்கூடிய ஆற்றலின் அளவு, kT, 0.026 எலக்ட்ரான் வோல்ட். நம் தாளில் கால் மில்லிமீட்டர், கூர்சீவிய பென்சில் கோட்டின் தடிமன். அந்தத் தடிமனுக்கு எதிரே சிலிக்கானின் 11 மில்லிமீட்டரே மலை. பின் எப்படி எலக்ட்ரான்கள் மேலே போகின்றன? எல்லா எலக்ட்ரான்களும் சராசரி ஆற்றலைப் பெறுவதில்லை. மிக அரிதாகச் சிலவற்றுக்குப் பல மடங்கு கிடைக்கிறது. அந்த அரிய சிலவற்றின் எண்ணிக்கை exp(−Eg/2kT) என்ற விகிதத்தில் போகிறது. இதில் Eg என்பது இடைவெளி.

இந்தச் சூத்திரத்தைக் கணிப்பான் இல்லாமல் அளவுகோலிலேயே படிக்கலாம். அறை வெப்பநிலையில் இடைவெளி 0.12 எலக்ட்ரான் வோல்ட் கூடும்போதெல்லாம் மேலே போகும் எலக்ட்ரான்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. நம் தாளில் 1.2 மில்லிமீட்டருக்கு ஒரு சுழியம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க எண் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10¹⁹. பட்டை விளிம்புக்கு அருகே வெப்பத்துக்கு எட்டும் இடங்களின் எண்ணிக்கை அது. சிலிக்கானின் 11.2 மில்லிமீட்டரை 1.2-ஆல் வகுத்தால் ஒன்பதுக்குச் சற்று மேல். 10¹⁹-இலிருந்து ஒன்பது சுழியங்களைக் கழித்தால் 10¹⁰. தூய சிலிக்கானில் அறை வெப்பநிலையில் கன சென்டிமீட்டருக்கு உண்மையிலேயே ஏறக்குறைய அவ்வளவு எலக்ட்ரான்கள்தான் கடத்துப் பட்டையில் இருக்கின்றன. ஆயிரம் கோடி என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். அங்கே இருக்கும் சிலிக்கான் அணுக்களோ 5×10²². ஜெர்மானியத்தில் இந்த எண் 2×10¹³, சிலிக்கானைப்போல் இரண்டாயிரம் மடங்கு.

வைரத்துக்கு இதே கணக்கைப் போடுங்கள். 55 மில்லிமீட்டருக்கு 46 சுழியங்கள் போகின்றன. 10¹⁹-இல் 46-ஐக் கழித்தால் 10⁻²⁷. ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு எலக்ட்ரானின் 10²⁷-இல் ஒரு பங்கு என்றால் அர்த்தமே இல்லை, ஆகவே திருப்பிச் சொல்வோம்: ஒரே ஒரு எலக்ட்ரானைப் பார்க்க 10²⁷ கன சென்டிமீட்டர் வைரம் வேண்டும். பூமியின் கனஅளவு அவ்வளவுதான். பூமிப்பந்து முழுவதும் குறையற்ற வைரமாக இருந்தால், அறை வெப்பநிலையில் அதன் கடத்துப் பட்டையில் வெப்பத்தால் ஏறிய எலக்ட்ரான் ஒன்றிரண்டு இருக்கும். இடைவெளி சிலிக்கானைவிட ஐந்து மடங்குதான் பெரிது. விளைவோ 37 சுழியங்கள். குறைகடத்திக்கும் காப்பானுக்கும் உள்ள வேறுபாடு இந்த அளவு வேறுபாடுதான், வகை வேறுபாடு அல்ல. எங்கே கோடு போடுவது என்பது பழக்கத்தைப் பொறுத்தது. மூன்று எலக்ட்ரான் வோல்ட் என்பார் உண்டு, நான்கு என்பார் உண்டு. இடைவெளி 3.4 உள்ள காலியம் நைட்ரைடை நாம் குறைகடத்தி என்றுதான் சொல்கிறோம், நீல எல்.இ.டி. விளக்குகள் அதிலிருந்துதான் வருகின்றன.

அதே தாளில் ஒளியையும் குறித்துப் பார்க்கலாம். சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் 1.8 எலக்ட்ரான் வோல்ட், ஊதாவுக்கு 3.1. இரண்டு அம்புகளை வரையுங்கள், ஒன்று 18 மில்லிமீட்டர் நீளம், மற்றது 31. சுழிக்கோட்டிலிருந்து மேல்நோக்கி வைத்தால் சிலிக்கானில் இரண்டு அம்புகளுமே இடைவெளியைத் தாண்டிவிடுகின்றன. எல்லா நிறமும் உறிஞ்சப்படும், அதனால் சிலிக்கான் வில்லை வழியே எதுவும் தெரியாது. வைரத்தில் இரண்டுமே எட்டவில்லை. ஒளி உள்ளே நுழைந்து வெளியே போய்விடும். நடுவில் நிற்பது காட்மியம் சல்பைடு, இடைவெளி 2.4. நீல ஒளியை விழுங்கிவிட்டு மற்றதை விட்டுவிடும், ஆகவே அது மஞ்சள். ஓவியர்கள் வாங்கும் காட்மியம் மஞ்சள் இதுதான். அம்பை 6 மில்லிமீட்டருக்கும் கீழே குறைத்தால் அகச்சிவப்புப் பகுதி. அங்கே ஜெர்மானியமே கண்ணாடிபோல் ஒளியை விடுகிறது. வெப்பப் படக்கருவிகளின் முன்னால் இருக்கும் கரும்பளபளப்பான வில்லை பெரும்பாலும் ஜெர்மானியம்தான்.

இனி மாசு. சிலிக்கானில் 50 லட்சம் அணுக்களுக்கு ஒன்று வீதம் பாஸ்பரஸ் சேர்ப்போம். பாஸ்பரசுக்கு வெளி எலக்ட்ரான்கள் ஐந்து. நான்கு பிணைப்புக்குப் போக மிஞ்சியது கடத்துப் பட்டைக்கு 0.045 எலக்ட்ரான் வோல்ட் கீழே ஒரு தனி மட்டத்தில் இருக்கும். தாளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பென்சில் கோட்டின் தடிமன் கால் மில்லிமீட்டர் என்றோம். அதோடு ஒப்பிட்டால் இந்த ஏற்றம் ஒன்றுமே இல்லை. ஏறக்குறைய எல்லாப் பாஸ்பரஸ் எலக்ட்ரான்களும் மேலே ஏறிவிடும். கன சென்டிமீட்டருக்கு 10¹⁰ இருந்த இடத்தில் 10¹⁶, பத்து லட்சம் மடங்கு. இந்த மட்டத்தைப் படத்தில் பட்டைபோல் நிழலடிக்கக் கூடாது. பாஸ்பரஸ் அணுக்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் துண்டு துண்டான சிறு கோடுகளாகவே வரைய வேண்டும்.

வைரத்திலும் இதைச் செய்யலாம், இயற்கையே செய்திருக்கிறது. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹோப் வைரம், கோல்கொண்டா பகுதியிலிருந்து போனதாகக் கருதப்படுவது, நீல நிறமுடையது. அந்த நீலத்துக்குக் காரணம் போரான். பத்து லட்சம் கரி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிலான மாசே போதும். போரானுக்கு வெளி எலக்ட்ரான்கள் மூன்றே. அதன் மட்டம் இணைதிறன் பட்டைக்கு மேலே 0.37 எலக்ட்ரான் வோல்ட்டில், தாளில் 3.7 மில்லிமீட்டரில், நிற்கிறது. இது பென்சில் கோட்டைவிடப் பதினான்கு மடங்கு உயரம். ஆகவே சிலிக்கானில் பாஸ்பரஸ் போல முழுதாக வேலை செய்யாது. போரான் அணுக்களில் மிகச் சிறு பங்குதான் துளையைத் தரும். என்றாலும் பூமிக்கு ஒன்றிரண்டு எலக்ட்ரான் என்ற கணக்கிலிருந்து பார்த்தால் அது கொட்டிக் கிடக்கும் செல்வம். போரான் கலந்த நீல வைரங்கள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. புத்தகம் காப்பான் என்று எழுதிவைத்த பொருளே மாசால் குறைகடத்தியாகிறது.

கையில் கிடைத்த ஒரு துண்டு எந்த வகை என்று எப்படிச் சொல்வது? சூடாக்கிப் பார்க்கலாம். தாமிரத்தில் பாகைக்கு 0.4 விழுக்காடு என்ற அளவில் மின்தடை ஏறும். அங்கே எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறுவதில்லை; அணுக்களின் ஆட்டம் கூடி மோதல்தான் அதிகரிக்கிறது. தூய குறைகடத்தியில் எண்ணிக்கையே பெருகுகிறது: சிலிக்கானை 27 பாகையிலிருந்து 127 பாகைக்குக் கொண்டுபோனால் எலக்ட்ரான்கள் சில நூறு மடங்காகும், தடை விழும். வெள்ளி சல்பைடில் இந்தத் தலைகீழ்ப் போக்கை ஃபாரடே 1833-லேயே கண்டார். பட்டைகள் பற்றி யாரும் கனவுகூடக் காணாத காலம் அது. ஆனால் ஒரு எச்சரிக்கை. மாசூட்டிய சிலிக்கானில் எலக்ட்ரான்கள் முன்பே வெளியே வந்துவிட்டதால், அறை வெப்பநிலையை ஒட்டிச் சூடாக்கினால் அதுவும் உலோகம்போலத் தடையை ஏற்றிக் காட்டும். சோதனையை அங்கேயே நிறுத்தினால் ஏமாந்துபோவோம். இன்னும் மேலே சூடாக்கி, வெப்பத்தால் எழும் எலக்ட்ரான்கள் மாசின் எண்ணிக்கையை மிஞ்சும்போதுதான் தடை சரியும்.

அந்த மிஞ்சும் புள்ளிதான் ஜெர்மானியத்தைப் பின்னுக்குத் தள்ளிய காரணங்களில் முக்கியமானது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் செய்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத் துண்டில்தான் இயங்கியது. ஆனால் 75, 80 பாகையை நெருங்கும்போதே ஜெர்மானியச் சாதனங்களின் கசிவு மின்னோட்டம் கட்டுமீறியது. கார் எஞ்சினுக்கு அருகிலும் இராணுவக் கருவிகளிலும் அவற்றை நம்ப முடியவில்லை. 1954-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிலிக்கான் டிரான்சிஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு தொழில் அந்தப் பக்கம் சாய்ந்தது. நம் தாளில் பார்த்தால் 6.6-க்கும் 11.2-க்கும் உள்ள வேறுபாடு ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை.

இந்தப் படம் சொல்லாதவையும் உண்டு. கிடைமட்ட அச்சில் உந்தம் இல்லாததால், சிலிக்கான் ஏன் நல்ல ஒளிவிளக்காகாது, காலியம் நைட்ரைடு ஏன் ஆகிறது என்பதற்கு இதில் விடை கிடைக்காது. அதற்கு வேறு அச்சில் வேறு படம் வேண்டும். அதைவிடக் கடுமையான சிக்கலை நெதர்லாந்தின் டி போயரும் ஃபெர்வேயும் 1937-இல் எடுத்துச் சொன்னார்கள். நிக்கல் ஆக்சைடில் நிக்கல் அயனியின் 3d மட்டங்களில் பத்து இடங்கள், இருப்பது எட்டு எலக்ட்ரான்கள். பட்டை முழுதாக நிரம்பவில்லை. நம் விதிப்படி அது சோடியம்போலக் கடத்த வேண்டும். ஆனால் தூய நிக்கல் ஆக்சைடு பச்சை நிறம் கொண்ட தரமான காப்பான்.

தவறு நிரப்பும் கணக்கில் இல்லை, அதன் அடிப்படையில் இருக்கிறது. ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரிப் புலத்தில் தன்பாட்டுக்கு ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டுதான் பட்டைகளை வரைகிறோம். 3d எலக்ட்ரான்கள் அணுவோடு நெருங்கி ஒட்டியிருப்பவை. ஓர் எலக்ட்ரான் பக்கத்து நிக்கலுக்குத் தாவினால் அங்கே ஏற்கனவே உள்ள எட்டோடு ஒன்பதாவதாக நெருக்கியடிக்க வேண்டும், அந்த விலக்குவிசைக்குப் பல எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். இதை நெவில் மாட் பின்னர் விரிவாக ஆராய்ந்ததால் இப்படிப்பட்ட பொருள்கள் மாட் காப்பான்கள் என்றே பெயர் பெற்றன. நிக்கல் ஆக்சைடுக்கு இன்று பட்டைப் படம் வரைபவர்கள் 3d பட்டையை ஒன்றாக வரைவதில்லை. நிரம்பியதைக் கீழே, காலியானதை மேலே என்று பிளந்து, இரண்டுக்கும் நடுவே ஆக்சிஜனின் 2p பட்டையை நுழைக்கிறார்கள். ஏறக்குறைய 4 எலக்ட்ரான் வோல்ட் உள்ள இடைவெளி, நம் தாளில் 4 சென்டிமீட்டர், ஆக்சிஜன் பட்டையின் உச்சியிலிருந்து மேல் 3d பட்டையின் அடி வரை அளக்கப்படுகிறது.